மூன்று விரிவுரையாளர்களின் ஸ்லைடுகளை ஒரே படிப்புக் கையேடாக இணைப்பது எப்படி: வெப்ப இயக்கவியலை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

வெப்ப இயக்கவியலை ஒரே பருவத்தில் இயற்பியல் ஆசிரியரும் வேதியியல் ஆசிரியரும் இயந்திரப் பொறியியல் ஆசிரியரும் பகுதி பகுதியாக நடத்தும்போது, மாணவரின் கையில் மூன்று ஸ்லைடு தொகுப்புகள் சேர்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே செய்திதான் என்று முதல் பார்வையில் தோன்றும். ஆனால் அதே எழுத்து ஒரு தொகுப்பில் ஒன்றையும் மற்றொன்றில் வேறொன்றையும் குறிப்பதால், அப்படியே வெட்டி ஒட்டிய கையேடு தேர்வுக்கு முந்தைய இரவில் தவறான விடைகளைத் தருகிறது. மூன்று தொகுப்புகளையும் ஒரே குறியீட்டில், ஒரே குறி மரபில் பேச வைப்பதற்கான வழிமுறை இது. படிகளின் வரிசை முக்கியம்; ஒரு படியை முன்பின்னாகச் செய்தால், முடித்த வேலையை மீண்டும் செய்ய நேரிடும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று தொகுப்புகளின் இறுதி வடிவங்கள், பாடத்திட்டம், கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்கள் ஆகியவை முதலில் தேவை. விரிவுரையாளர்கள் வகுப்புக்குப் பிறகு ஸ்லைடுகளைத் திருத்தி மீண்டும் ஏற்றுவது வழக்கம். எனவே வாட்ஸ்அப் குழுவில் முதல் வாரத்தில் வந்த கோப்பை நம்பாமல், வகுப்புப் பக்கத்தில் இப்போது இருப்பதையே இறக்கிக்கொள்ள வேண்டும்.

எந்தப் பகுதிக்கு யார் வினா அமைக்கிறார் என்பதையும் இப்போதே கேட்டு அறிய வேண்டும். கையேட்டில் எந்த மரபைப் பின்பற்றுவது என்ற ஐந்தாம் படியின் முடிவு இந்தத் தகவலைச் சார்ந்திருக்கிறது. வினாத்தாள்கள் இரண்டு இடங்களில் பயன்படும்: எது ஆழமாகத் தேவை என்று அறிய இப்போதும், கையேட்டைச் சோதிக்க இறுதியிலும். அதனால் ஒரு வினாத்தாளைப் பார்க்காமலேயே தனியாக எடுத்து வைப்பது நல்லது.

## 2. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஓர் அடையாளம்

இயற்பியல் ஸ்லைடுகளுக்கு ‘இ’, வேதியியலுக்கு ‘வே’, பொறியியலுக்கு ‘பொ’ என்று முன்னெழுத்து கொடுத்து, இ-12, வே-30, பொ-7 என்று எண்ணிடுங்கள். கையேட்டில் பின்னர் எழுதும் ஒவ்வொரு சூத்திரத்தின் ஓரத்திலும் இந்த அடையாளம் நிற்க வேண்டும்.

இது வீண்வேலை என்று பலர் இதைத் தவிர்க்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு சூத்திரத்தில் கழித்தல் குறி ஏன் இருக்கிறது என்ற ஐயம் எழும்போது, அது எந்த ஆசிரியரின் ஸ்லைடிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அந்தக் குறி சரியா தவறா என்று முடிவு செய்யவே வழியில்லை. மூலம் தெரிந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

## 3. வரிசையைப் பாடத்திட்டத்திலிருந்து எடுங்கள்

மூன்றில் எது அழகாகவும் விரிவாகவும் இருக்கிறதோ அதை அடித்தளமாக வைத்து, மற்ற இரண்டிலிருந்து விடுபட்டவற்றைச் செருகுவதுதான் புதியவர்கள் இயல்பாகச் செய்வது. அந்த ஸ்லைடுகள் ஒருவரின் பார்வைக்கு ஏற்ப அமைந்தவை என்பதால் இது சிக்கலைத் தருகிறது. பொறியியல் ஆசிரியர் டர்பைனையும் கம்ப்ரசரையும் முன்னே வைத்து முதல் விதியைச் சொல்வார். அந்த வரிசையில் வேதிவினையின் என்தால்பியை எங்கே செருகினாலும் அது ஒட்டாமல் நிற்கும்.

பாடத்திட்டத்தில் உள்ள தலைப்புகளை மட்டும் ஒரு வெற்றுக் கோப்பில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் தொடர்புடைய ஸ்லைடு அடையாளங்களை மட்டும் இடுங்கள். ‘முதல் விதி: இ-9 முதல் 14, வே-5 முதல் 11, பொ-16 முதல் 25’ என்பதுபோல. உரை எதையும் இன்னும் நகர்த்த வேண்டாம். எந்தத் தலைப்பில் மூவரும் பேசுகிறார்கள், எதில் ஒருவர் மட்டும் பேசுகிறார் என்பது இந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். ஒருவர் மட்டும் பேசும் தலைப்புகளை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உழைப்பு முழுவதும் மூவரும் பேசும் இடங்களில்தான் தேவைப்படும்.

## 4. உரையைத் தொடும் முன் குறியீட்டு அட்டவணை

மூன்று தொகுப்புகளையும் ஒருமுறை புரட்டி, எழுத்துகளை மட்டும் பாருங்கள். ஒரே பொருளுக்கு வெவ்வேறு எழுத்து வருகிறதா, ஒரே எழுத்துக்கு வெவ்வேறு பொருள் வருகிறதா என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேட்க வேண்டும். முதல் வகை கண்ணுக்கு உடனே தெரியும் என்பதால் பெரிய தீங்கு செய்யாது. இரண்டாம் வகை ஒத்த தோற்றத்துக்குள் ஒளிந்திருக்கும். தவறுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

இந்தப் பாடத்தில் நான் வைத்துக்கொள்ளும் அட்டவணையின் முக்கியமான வரிகள் இவை:

| பொருள் | இயற்பியல் | வேதியியல் | பொறியியல் | கையேட்டில் |
|---|---|---|---|---|
| வெப்பம் | Q | q | மொத்தம் Q. ஒரு கிலோவுக்கு q | மொத்தம் Q. ஒரு கிலோவுக்கு q |
| வேலை | W: வாயு செய்தது | w: வாயுவின்மேல் செய்யப்பட்டது | W: வாயு செய்தது, ஒரு கிலோவுக்கு w | W: வாயு செய்தது, ஒரு கிலோவுக்கு w |
| வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதம் | γ | γ | k | γ |
| பொது வாயு மாறிலி | R | R | Rᵤ | Rᵤ |
| ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றல் | F | A | அரிது | A |

ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். k என்ற எழுத்து இயற்பியல் ஸ்லைடுகளில் போல்ட்ஸ்மன் மாறிலியாக வருவதால், விகிதத்துக்கு γ எடுத்தேன். F வேதியியலில் ஃபாரடே மாறிலியாக வருவதால், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றலுக்கு A எடுத்தேன். மோதல் குறைவான எழுத்தையே தேர்ந்தெடுப்பது என்பதே விதி. பழக்கமான எழுத்து என்பது போதிய காரணம் ஆகாது.

சிறிய q, w ஆகியவற்றைத் தனியே கவனிக்க வேண்டும். வேதியியல் ஸ்லைடில் q என்றால் மொத்த வெப்பம், அலகு ஜூல். பொறியியல் ஸ்லைடில் அதே q ஒரு கிலோகிராமுக்கான வெப்பம். இரண்டு கிலோ நீராவிக்கான கணக்கில் இவற்றைக் குழப்பினால், விடை சரியாகப் பாதியாகவோ இரு மடங்காகவோ வரும். விடை இப்படி நிறையின் மடங்கில் பிசகினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த எழுத்தைத்தான்.

## 5. குறி மரபைத் தேர்ந்தெடுத்து மாற்றுதல்

இணைப்பு வேலையின் மையம் இதுதான். முதல் விதியை இயற்பியல், பொறியியல் ஸ்லைடுகள் ΔU = Q − W என்று எழுதுகின்றன; வேதியியல் ஸ்லைடு ΔU = q + w என்கிறது. இவற்றில் எதுவும் தவறல்ல. முன்னதில் W என்பது வாயு வெளியே செய்த வேலை. பின்னதில் w என்பது வாயுவின்மேல் செய்யப்பட்ட வேலை. எனவே w = −W; வெப்பத்தின் குறி இரண்டிலும் ஒன்றுதான்.

ஒரு வாயு 500 ஜூல் வெப்பத்தைப் பெற்று, விரிந்து, 200 ஜூல் வேலை செய்கிறது என்று கொள்வோம். முதல் மரபில் Q = +500, W = +200; அக ஆற்றலின் மாற்றம் 500 − 200 = 300 ஜூல். வேதியியல் மரபில் q = +500, w = −200; 500 + (−200) = 300 ஜூல். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. இப்போது வேதியியல் சூத்திரத்தில் இயற்பியலின் +200ஐ இட்டால் 700 வருகிறது. இயற்பியல் சூத்திரத்தில் வேதியியலின் −200ஐ இட்டாலும் அதே 700 வருகிறது. கலப்புப் பிழை எந்தத் திசையில் நடந்தாலும் ஒரே தவறான விடையே கிடைப்பதால், இரண்டு மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்த்து ‘இருவருக்கும் 700 வந்திருக்கிறது, சரிதான்’ என்று நினைத்துக்கொள்வதும் உண்டு. நண்பரின் விடையோடு ஒப்பிடுவது இங்கே சோதனை ஆகாது.

எந்த மரபைத் தேர்ந்தெடுப்பது? பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐயுபாக் பரிந்துரைப்பது q + w வடிவத்தை. ஆனால் மூவரில் இருவர் ΔU = Q − W எழுதுகிறார்கள் என்றால், இயந்திரங்கள் குறித்த வினாக்களும் அந்த வடிவிலேயே வரும் என்றால், கையேட்டை அதில் எழுதுவதே நல்லது. மாற்றி எழுத வேண்டிய சூத்திரங்கள் குறைந்தால் பிழைக்கான இடங்களும் குறையும்.

முடிவு செய்தபின் வேதியியல் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, w வரும் இடமெல்லாம் −W என்று இட்டுச் சுருக்குங்கள். மாறாத வெளி அழுத்தத்துக்கு எதிரான விரிவில் w = −PΔV என்பது W = PΔV ஆகிறது. சமவெப்பநிலையில் மீள் முறையில் விரியும் வாயுவுக்கான சூத்திரம் இப்படி மாறுகிறது:

```
வேதியியல் ஸ்லைடு:  w = −n·R·T·ln(V₂/V₁)
கையேடு:            W = +n·Rᵤ·T·ln(V₂/V₁)
```

ஒரு மோல் இலட்சிய வாயு 300 கெல்வினில் 10 லிட்டரிலிருந்து 20 லிட்டருக்கு விரிந்தால், W ஏறத்தாழ +1729 ஜூல். வெப்பநிலை மாறாததால் ΔU சுழி; ஆகவே Q = +1729 ஜூல். வாயு வெப்பத்தை உறிஞ்சி அதை வேலையாக வெளியே தந்திருக்கிறது. மாற்றிய சூத்திரத்தில் இப்படி ஓர் எடுத்துக்காட்டை உடனே இட்டு, வெப்பத்தின் குறி பழைய ஸ்லைடில் இருந்த அதே குறியாக நிற்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

இந்த இடத்தில் இரண்டு பிழைகளை அடிக்கடி பார்க்கிறேன்.

முதலாவது, குறியை மட்டும் பார்த்து மாற்றுவது. வேதியியல் பகுதியில் கழித்தல் குறியைக் கண்டாலே நீக்கிவிடுகிறார்கள்; மின்வேதியியலில் வரும் ΔG = −nFE என்ற சமன்பாட்டின் கழித்தல் குறியும் அதில் போய்விடுகிறது. அந்தச் சமன்பாட்டில் w இல்லை. ஆகவே அதில் எதுவும் மாறக்கூடாது. அதற்கு முந்தைய ஸ்லைடில் உள்ள மின்வேலை, w = −nFE என்பது, மட்டும் W = nFE என மாறும். எழுத்தைப் பார்த்து மாற்ற வேண்டும். குறியைப் பார்த்து அல்ல.

இரண்டாவது, பொறியியல் ஸ்லைடுகளில் மூன்றாவதாக ஒரு மரபும் இருப்பதைக் கவனிக்காமல் விடுவது. வெப்ப இயந்திரத்தின் திறனை η = 1 − Q_out/Q_in என்று எழுதும்போது, Q_out என்பது குறியற்ற வெறும் அளவு. அதே ஆசிரியரே முதல் விதியில் வெளியேறும் வெப்பத்தை எதிர்க்குறியோடு எழுதியிருப்பார். 1000 ஜூல் பெற்று 600 ஜூலை வெளியேற்றும் இயந்திரத்தின் திறன் 0.4. வெளியேறும் வெப்பத்தை −600 என்றே இட்டால் 1.6 வரும். ஒன்றைத் தாண்டும் திறன் எதுவும் கிடையாது என்பதால், இந்தப் பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்; கையேட்டில் இந்தச் சூத்திரத்தை அளவுக் கோடுகளோடு η = 1 − |Q_out|/|Q_in| என்று எழுதிவிட்டால் பிழைக்கே இடமிருக்காது.

## 6. எண்களையும் அலகுகளையும் ஒப்பிடுதல்

குறியீடுகளுக்குப் பிறகே எண்களுக்கு வர வேண்டும். எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று உறுதியாகாத நிலையில், அதன் மதிப்புகள் முரண்படுகின்றனவா என்று சொல்ல முடியாது.

வாயு மாறிலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இயற்பியலும் வேதியியலும் R = 8.314 J/(mol·K) என்கின்றன; பொறியியல் ஸ்லைடில் காற்றுக்கு R = 0.287 kJ/(kg·K). இது முரண் போலத் தோன்றும், ஆனால் முரண் அல்ல: 8.314ஐக் காற்றின் சராசரி மோலார் நிறையான 28.97ஆல் வகுத்தால் 0.287 வருகிறது. ஒரு கிலோ காற்று 300 கெல்வினில், 100 கிலோபாஸ்கலில் எவ்வளவு இடம் கொள்ளும் என்று இரு வழியிலும் கணக்கிட்டால் 0.861 கனமீட்டரே கிடைக்கும். இரு பாதைகளும் ஒரே எண்ணில் முடிவதைக் கையேட்டிலேயே ஒருமுறை எழுதிக் காட்டிவிட்டு, பொது மாறிலிக்கு Rᵤ என்றும் குறிப்பிட்ட வாயுவின் மாறிலிக்கு R என்றும் பிரித்துவிட்டால் சிக்கல் முடிந்தது.

மோலார் கனஅளவின் கதை வேறு. ஒருவர் திட்ட நிலையில் 22.4 லிட்டர் என்பார், இன்னொருவர் 22.7 லிட்டர் என்பார். இருவரும் 273.15 கெல்வினையே சொல்கிறார்கள். ஆனால் முதலாமவர் 1 வளிமண்டல அழுத்தத்தையும் இரண்டாமவர் 1 பாரையும் திட்ட அழுத்தமாகக் கொண்டிருக்கிறார். ஐயுபாக் 1982இல் திட்ட அழுத்தத்தை 1 பாராக மாற்றியது. பழைய பாடநூல்களின் வழிவந்த ஸ்லைடுகளில் பழைய மதிப்பே நீடிக்கிறது. இங்கே ஒன்றை அழித்துவிடக் கூடாது. இரண்டு எண்களையும் அவற்றின் அழுத்தத்தோடு சேர்த்தே எழுதி, எந்த ஆசிரியர் எதைக் கேட்கிறார் என்று ஓரத்தில் குறிப்பதே சரி.

## 7. இப்போதுதான் உரையை எழுதுதல்

ஒரு தலைப்பைத் திறந்து, அதற்குரிய ஸ்லைடுகளை மூன்று சன்னல்களில் வைத்து, உங்கள் சொற்களில் எழுதுங்கள். ஸ்லைடு உரையை நகலெடுத்து ஒட்ட வேண்டாம். ஒட்டிய உரையோடு பழைய குறியீடும் உள்ளே நுழைந்துவிடும், கண்ணும் அதைக் கவனிக்காமல் கடந்துவிடும்.

வரையறையை மிகக் கறாராகச் சொல்பவரிடமிருந்தும், வருவித்தலை இடைப்படிகளை விடாமல் காட்டுபவரிடமிருந்தும், எடுத்துக்காட்டை அந்தப் பகுதிக்கு வினா அமைப்பவரிடமிருந்தும் எடுத்துக்கொள்வது என் வழக்கம். மூன்று விளக்கங்களையும் அடுத்தடுத்து வைத்தால் மாணவர் ஒன்றையே மூன்று முறை படிப்பார். மாறுபாடு எங்கே என்பதை மட்டும் கவனிக்க மாட்டார்.

வேதியியல் ஆசிரியர் திருத்தும் பகுதிகளில் மட்டும் ஒரு பெட்டி தேவை: ‘விடைத்தாளில் ΔU = q + w; விரிவில் w எதிர்க்குறி’. படிப்பது ஒரே மரபில் இருந்தாலும், எழுதுவது திருத்துபவருக்குப் பழகிய மரபில் இருக்க வேண்டும். எந்த மரபில் எழுதுகிறோம் என்பதை விடையின் முதல் வரியிலேயே குறிப்பிடுவது நல்ல பழக்கம்.

படங்களையும் மறக்கக் கூடாது. அழுத்தம்–கனஅளவு வரைபடத்தில் கோட்டின் கீழுள்ள பரப்பை ஒருவர் ‘வேலை’ என்று மட்டும் எழுதியிருப்பார். அம்பு வலப்புறம் சென்றால் W நேர்க்குறி, இடப்புறம் சென்றால் எதிர்க்குறி என்று கையேட்டின் மரபுப்படி படத்திலேயே எழுதி, புதிதாக வரைந்துகொள்ளுங்கள்.

## 8. உண்மையான முரண் வந்தால்

மரபு வேறுபாடுகளையெல்லாம் மாற்றியபிறகும் இரண்டு ஸ்லைடுகள் ஒத்துப்போகவில்லை என்றால், அவற்றில் ஒன்றில் பிழை இருக்கலாம், அல்லது ஒருவர் ஒரு நிபந்தனையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். பெரும்பாலும் பின்னதே. ‘வெப்பப் பரிமாற்றமில்லா விரிவில் வாயு குளிர்கிறது’ என்று ஒரு ஸ்லைடும், ‘வெப்பநிலை மாறவில்லை’ என்று இன்னொரு ஸ்லைடும் சொன்னால், இரண்டாவது வெற்றிடத்துக்குள் கட்டற்று விரியும் இலட்சிய வாயுவைப் பற்றியது. அங்கே எதிர்க்க வெளி அழுத்தம் இல்லாததால் வேலை சுழி, வெப்பமும் சுழி, ஆகவே அக ஆற்றல் மாறுவதில்லை. நிபந்தனையைச் சேர்த்தால் இரண்டு வாக்கியங்களும் உண்மை.

நிபந்தனையைத் தேடியும் தீராதவற்றை மட்டும் ஆசிரியரிடம் கொண்டு செல்லுங்கள். ‘மற்றவர் வேறு மாதிரி சொன்னார்’ என்று கேட்டால் பதில் தற்காப்பாக மாறிவிடும். ‘சார், உங்கள் 18ஆம் ஸ்லைடில் இந்த எடுத்துக்காட்டை இட்டால் எனக்கு இந்த விடை வருகிறது, எங்கே நிபந்தனையைத் தவறவிட்டேன்?’ என்று ஸ்லைடு எண்ணோடும் கணக்கோடும் கேட்டால் நேரடியான விளக்கம் கிடைக்கும். பதில் வரும்வரை அந்த வரியைக் கையேட்டில் வண்ணமிட்டு வையுங்கள். நீங்களே ஊகித்து நிரப்ப வேண்டாம்.

## 9. கையேட்டைச் சோதித்தல்

முதல் சோதனை, கோப்பில் தேடுவது. விலக்கிய எழுத்துகளான விகிதக் k, ஹெல்ம்ஹோல்ட்ஸ் F ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். போல்ட்ஸ்மன் மாறிலி, ஃபாரடே மாறிலி ஆகியவை தவிர வேறு எங்கும் அவை நிற்கக் கூடாது. சிறிய w வரும் இடமெல்லாம் ஒரு கிலோவுக்கான வேலையாகவோ விடைத்தாள் பெட்டியாகவோ இருக்க வேண்டும்.

இரண்டாவது, இயற்பியல் பொருளைக் கொண்டு சோதிப்பது. வெப்பம் புகாதபடி காப்பிட்ட உருளையில் வாயு உந்துதண்டைத் தள்ளி 200 ஜூல் வேலை செய்கிறது. கையேட்டை மட்டும் பார்த்து ΔU காணுங்கள். −200 ஜூல் வந்து வாயு குளிர்ந்தால் குறி மரபு சீராக இருக்கிறது. +200 வந்தால் வாயு தானாகச் சூடாகிறது என்று பொருள். எங்கோ பழைய சூத்திரம் ஒன்று மாற்றப்படாமல் தங்கியிருக்கிறது, சூத்திரத்தின் ஓரத்தில் உள்ள ஸ்லைடு அடையாளத்தைப் பிடித்துப் பின்னோக்கிச் சென்றால் அது அகப்படும்.

மூன்றாவது, ஒதுக்கி வைத்த வினாத்தாள். ஸ்லைடுகளை மூடிவிட்டு, கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு விடை எழுதுங்கள். ஸ்லைடைத் திறக்கத் தோன்றும் ஒவ்வோர் இடமும் கையேட்டில் ஓர் இடைவெளி. அந்த இடத்திலேயே குறித்துக்கொண்டு பின்னர் நிரப்புங்கள்.

இதற்குப் பிறகு யாராவது திருத்திய ஸ்லைடை ஏற்றினால், முழுத் தொகுப்பையும் மீண்டும் இணைக்க வேண்டியதில்லை. மாறிய ஸ்லைடின் அடையாளத்தைக் கையேட்டில் தேடி, அது வரும் வரிகளை மட்டும் நான்காம் படியின் அட்டவணையோடு ஒப்பிட்டுத் திருத்தி, அந்த வரியின் ஓரத்தில் திருத்திய தேதியை இடுங்கள்.